இரண்டு கிளைடர், மூன்று ஸ்பிரிங்: 1.73 ஏன் வரவில்லை?

கயல்
ஏர் டிராக்கில் 200 கிராம் கிளைடர் இரண்டு, ஒரே மாதிரி ஸ்பிரிங் மூன்று: கிளைடர்களுக்கு நடுவில் ஒன்று, வெளிப்பக்கம் ஒவ்வொரு கிளைடரையும் டிராக்கின் முனையோடு கட்ட ஒவ்வொன்று. ஸ்பிரிங் ஒவ்வொன்றும் மீட்டருக்கு 5 நியூட்டன். கிளைடர்கள் ஒரே பக்கமாகச் சேர்ந்து ஆடும்போது 10 ஆட்டத்துக்கு 12.9 வினாடி, எதிரெதிராக ஆடும்போது 7.7 வினாடி. விகிதம் 1.68தான். √3, அதாவது 1.73 வர வேண்டாமா? மூன்று தடவை எடுத்துவிட்டேன், மாறவே இல்லை.

முத்து
1.73 எப்படி வரும் என்றே எனக்குப் புரியவில்லை. ஒவ்வொரு கிளைடரையும் இரண்டு ஸ்பிரிங் பிடித்திருக்கிறது. அப்படியென்றால் ω = √(2k/m). சேர்ந்து ஆடும்போது நடு ஸ்பிரிங் நீளவும் இல்லை, சுருங்கவும் இல்லை, அதனால் √(k/m). விகிதம் 1.41. நீங்கள் எடுத்த 1.68 தான் அதிகம்.

ராதா
சேர்ந்து ஆடுவதைப் பற்றி முத்து சொன்னது சரி. எதிரெதிர் ஆட்டத்தில்தான் கணக்கு வழுக்குகிறது. இடது கிளைடர் 1 செ.மீ. உள்ளே வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வலது கிளைடரும் அதே நேரத்தில் 1 செ.மீ. உள்ளே வருகிறது. நடு ஸ்பிரிங்கின் நீளம் எவ்வளவு குறைந்தது? 2 செ.மீ. எனவே நடு ஸ்பிரிங்கால் வரும் மாற்றம் 2k, வெளி ஸ்பிரிங்கால் k, மொத்தம் 3k. அதனால்தான் √3.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். எதிரெதிராக ஆடும்போது நடு ஸ்பிரிங்கின் மையப்புள்ளி அசையாது. அங்கே ஒரு பொட்டு மை வைத்துவிட்டுப் பாருங்கள், ஆட்டம் முழுக்க அது நின்ற இடத்திலேயே நிற்கும். ஆகவே ஒவ்வொரு கிளைடருக்கும் கிடைப்பது பாதி ஸ்பிரிங். பாதியாக வெட்டிய ஸ்பிரிங் இரண்டு மடங்கு கடினம்.

முத்து
சரி, மறு கிளைடரும் நகர்கிறது என்பதை விட்டுவிட்டேன். ஆனால் √(2k/m) எதற்கும் பயன்படாத எண் என்று சொல்வீர்களா? ஒரு கிளைடரைக் கையால் பிடித்துக்கொண்டு இன்னொன்றை ஆட்டினால் அதுதானே வரும்?

ராதா
அதேதான் வரும். கயல், நேரம் இருந்தால் அதையும் எடுத்துப் பாருங்கள், 10 ஆட்டத்துக்கு 9 வினாடி வாக்கில் வர வேண்டும். முத்துவின் 2k, k-க்கும் 3k-க்கும் சரியாக நடுவில் இருப்பது தற்செயல் இல்லை. ஆனால் கையை எடுத்ததும் அந்த அதிர்வெண் காணாமல் போய்விடும். இரண்டு கிளைடரும் விடுதலையாக இருக்கும்போது அந்த அமைப்புக்குச் சொந்தமானவை இரண்டே அதிர்வெண்கள், நடுவில் மூன்றாவதற்கு இடமில்லை.

பரணி
கயலின் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. இது ஸ்பிரிங்கின் எடையால் வருவது. எடையில்லாத ஸ்பிரிங் என்பது புத்தகத்தில் மட்டும்தான் உண்டு. ஸ்பிரிங் எடையில் மூன்றில் ஒரு பங்கைக் கிளைடரோடு சேர்க்க வேண்டும் என்று எல்லா லேபிலும் சொல்வார்கள். எடை கூடினால் அதிர்வெண் குறையும், விகிதமும் குறையும். 1.68 ஆனதற்கு இதுதான் காரணம்.

ராதா
ஸ்பிரிங் எடையைச் சேர்க்கத்தான் வேண்டும், அதில் மறுப்பில்லை. ஆனால் பரணி, இரண்டு மோடிலும் ஒரே அளவு எடை கூடினால் விகிதம் எப்படிக் குறையும்? மேலும் கீழும் ஒரே மாதிரி குறைந்து, விகிதம் அப்படியே அல்லவா இருக்கும்? எந்த மோடில் அதிகம் கூடுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். கயல், ஒரு ஸ்பிரிங் எத்தனை கிராம்?

கயல்
12 கிராம், மேடம். மூன்றும் ஏறக்குறைய அதேதான்.

ராதா
நல்லது. வெளி ஸ்பிரிங்கின் ஒரு முனை டிராக்கில் கட்டியிருக்கிறது, மறு முனை கிளைடரோடு போகிறது. இங்கே பரணியின் மூன்றில் ஒரு பங்கு சரி: 4 கிராம். நடு ஸ்பிரிங்கில்தான் வேறுபாடு. சேர்ந்து ஆடும்போது அது முழுசாக, ஒரு கம்பி மாதிரி, கிளைடர்களோடு கூடவே போகிறது. அதன் 12 கிராமும் நகர்கிறது, கிளைடருக்கு 6. எதிரெதிராக ஆடும்போது அதன் மையம் நிற்கிறது. ஒவ்வொரு பாதியும் 6 கிராம், அதில் மூன்றில் ஒரு பங்கு 2 கிராம்தான் கிளைடருக்குச் சேர்கிறது.

ஆக, சேர்ந்து ஆடும்போது 210 கிராம், எதிரெதிராக 206 கிராம். எடை அதிகம் கூடுவது மெதுவான மோடில்! அது இன்னும் மெதுவாகும், விகிதம் குறையாது, 1.75க்கு ஏறும். பரணியின் காரணத்தைச் சேர்த்தால் இடைவெளி பெரிதாகிறது.

இப்போது எண்களைப் பாருங்கள். 210 கிராம், k = 5 என்று போட்டால் 10 ஆட்டத்துக்கு 12.9 வினாடி. கயல் எடுத்ததும் 12.9. அந்த மோடில் ஒரு குறையும் இல்லை. 206 கிராம், 3k = 15 என்று போட்டால் 7.36 வரவேண்டும், வந்தது 7.7. பிழை முழுக்க எதிரெதிர் ஆட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது.

பரணி
மூன்றில் ஒரு பங்கை இரண்டு மோடுக்கும் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் நடு ஸ்பிரிங் கொஞ்சம் தளர்ந்ததாக இருக்கும். 7.7 வர, அது 5 இல்லாமல் 4.4 வாக்கில் இருந்தால் போதும். சேர்ந்து ஆடும்போது அது நீளவே மாட்டாது என்பதால் அந்தத் தளர்ச்சி 12.9இல் தெரியாது. எடை தொங்கவிட்டுப் பார்த்தால் வெளுத்துவிடும்.

ராதா
அது நல்ல சந்தேகம். தொங்கவிடும்போது ஒரு எச்சரிக்கை: சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிய ஸ்பிரிங் என்றால் கொஞ்சம் எடை விழும்வரை திறக்காது. 50 கிராமில் எங்கே நிற்கிறது, 100 கிராமில் எங்கே நிற்கிறது என்று குறித்து, வித்தியாசத்தை மட்டும் எடுங்கள். 5 நியூட்டன் என்றால் 9.8 செ.மீ., 4.4 என்றால் 11 செ.மீ.க்கு மேல். அளவுகோலிலேயே தெரிந்துவிடும்.

சாலிடர் ஐயா
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும், எனக்கு இயற்பியல் படிப்பு இல்லை, ரேடியோ பழுது பார்த்த ஆள். பழைய ரேடியோவில் 455 கிலோஹெர்ட்ஸ் ஐ.எஃப். கேன் இருக்கும். உள்ளே அருகருகே இரண்டு காயில். அவை ரொம்ப நெருங்கிவிட்டால் ஸ்கோப்பில் ஒரு முகடு இரண்டாகப் பிளக்கும். ஒரு முகடு இந்தக் காயிலுடையது, இன்னொன்று அந்தக் காயிலுடையது என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருக்கிறேன். நீங்கள் பேசும் இரண்டு அதிர்வெண்ணும் அப்படித்தானே, கிளைடருக்கு ஒன்று?

ராதா
ஐயா, மன்னிப்பு எதற்கு, இதே கதைதான் அங்கேயும் நடக்கிறது. ஆனால் ஆளுக்கு ஒன்று இல்லை. ஒவ்வொரு முகட்டிலும் இரண்டு காயிலுமே சமமாக ஆடுகின்றன, ஒன்றில் ஒத்து, மற்றதில் எதிர்த்து. உங்கள் கையே இதற்குச் சாட்சி சொல்லும்: ஒரு காயிலின் கோரை மட்டும் திருகினால் ஒரு முகடு மட்டுமா நகரும்?

சாலிடர் ஐயா
இல்லை அம்மா, இரண்டும் நகரும். அதனால்தான் அதை நேர்படுத்துவது பெரும்பாடு. ஒன்றைப் பிடித்தால் மற்றது ஓடும்.

ராதா
அதேதான். ஒரு காயிலின் கண்டென்சரைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது ஒரே முகடு, அது பழைய இரண்டுக்கும் இடையில் வந்து நிற்கும். முத்து ஒரு கிளைடரைக் கையால் பிடித்தாரே, அதற்கு இது சமம்.

கயல்
லேபிலிருந்து வருகிறேன். நடு ஸ்பிரிங்: 50க்கும் 100க்கும் இடையில் 9.8 செ.மீ. தளரவில்லை. வெளி ஸ்பிரிங்குகளும் அதேதான். இப்போது இன்னும் குழப்பமாக இருக்கிறது.

ராதா
அப்படியானால் இரண்டு கேள்வி. கிளைடர்கள் சும்மா நிற்கும்போது ஒவ்வொரு ஸ்பிரிங்கும் எவ்வளவு நீண்டிருக்கிறது? ஆட்டம் தொடங்க எவ்வளவு தூரம் இழுத்துவிடுகிறீர்கள்?

கயல்
நிற்கும்போது ஒவ்வொன்றும் 4 செ.மீ. நீண்டிருக்கும். இரண்டு மோடுக்கும் 3 செ.மீ. இழுத்துவிடுகிறேன். எதிரெதிர் மோடுக்கு இரண்டு கிளைடரையும் வெளிப்பக்கமாக.

ராதா
அகப்பட்டுவிட்டது. சேர்ந்து ஆடும்போது வெளி ஸ்பிரிங் அதிகபட்சம் 3 செ.மீ. சுருங்குகிறது. கையிருப்பு 4 செ.மீ., அதனால் விறைப்பு விடவில்லை. எதிரெதிராக ஆடும்போது இரண்டு கிளைடரும் 3 செ.மீ. உள்ளே வந்தால் நடு ஸ்பிரிங் 6 செ.மீ. சுருங்க வேண்டும். அதனிடம் இருப்பதோ 4 செ.மீ.தான். கிளைடர் 2 செ.மீ. உள்ளே வந்ததுமே நடு ஸ்பிரிங் தொய்ந்துவிடுகிறது, அதற்குமேல் திருப்பி அனுப்பும் வேலையை வெளி ஸ்பிரிங் மட்டும் பார்க்கிறது. உள் கோடியில் கிளைடர் நிதானமாகத் திரும்பும். தொய்ந்தபின் நடு ஸ்பிரிங் ஒன்றுமே செய்யாது என்று வைத்து ஒரு ஆட்டத்தைத் துண்டு துண்டாகப் போட்டேன், 0.77 வினாடி வந்தது. இழுப்பதை ஒன்றரை செ.மீ. ஆக்குங்கள். அப்போது நடு ஸ்பிரிங் 3 செ.மீ.தான் சுருங்கும்.

கயல்
ஒன்றரை செ.மீ.: 7.4, 7.4, 7.3. சேர்ந்து ஆடுவது அதே 12.9. பழையபடி 3 செ.மீ. இழுத்துவிட்டு நடு ஸ்பிரிங்கைக் குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு தடவை கிளைடர்கள் நெருங்கும்போதும் சுருள் நடுவில் கீழே தொங்கி, மறுபடி வெடுக்கென்று நிமிர்கிறது. இத்தனை நாள் கண்ணெதிரே நடந்திருக்கிறது!

பரணி
அருமை. ஆனால் ஒன்று இடிக்கிறது. ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுமே. பத்தாவது ஆட்டத்தில் 3 செ.மீ. இருக்காது, தொய்வும் குறைந்திருக்கும். அப்படியென்றால் 10 ஆட்டத்துக்கு 7.7க்குக் கொஞ்சம் கீழே வர வேண்டாமா?

ராதா
நியாயமான கேள்வி. கயலின் டிராக்கில் ஆட்டம் எவ்வளவு வேகமாகத் தணிகிறது என்பது தெரியாமல் நான் பதில் சொல்ல மாட்டேன். முதல் 5, அடுத்த 5 என்று தனித்தனியாக நேரம் எடுத்தால் தெரியும்.

முத்து
என் பங்குக்கு ஒன்று கேட்டுவிடுகிறேன். ஒரு கிளைடரை மட்டும் இழுத்துவிட்டால் அதன் ஆட்டம் முழுக்க மற்றதுக்குப் போய், திரும்பி வரும் என்பார்கள். கயலின் அமைப்பில் அது ஒழுங்காகத் தெரியுமா?

ராதா
தெரியாது. இரண்டு மோடும் சம அளவில் கலந்து புறப்படும். அவை எதிர்க் கட்டத்துக்கு வர 0.86 வினாடி ஆகும். அதற்குள் மெதுவான மோடு ஒரு முழு ஆட்டம்கூட முடித்திருக்காது. முதல் கிளைடர் அப்போது நடுப்புள்ளியைத் தாண்டும், ஆனால் நிற்காது. பார்ப்பவருக்குத் தாறுமாறாகத்தான் தெரியும். நடுவில் மீட்டருக்கு 1 நியூட்டன் உள்ள மெல்லிய ஸ்பிரிங்கைப் போட்டால் மூன்று ஆட்டத்தில், சுமார் மூன்றரை வினாடியில், முதல் கிளைடர் கிட்டத்தட்ட நின்றுபோய் மற்றது முழு வீச்சில் ஆடும். ஆனால் கயல், இழுவிசை மூன்று ஸ்பிரிங்கிலும் ஒன்றே என்பதால் அந்த மெல்லிய ஸ்பிரிங் நிற்கும்போதே 20 செ.மீ. நீளும். டிராக்கில் இடம் இருக்கிறதா என்று முதலில் அளந்துகொள்ளுங்கள்.

கயல்
இடம் இருக்கிறது மேடம், அப்படி ஒரு ஸ்பிரிங்தான் இல்லை. திங்கட்கிழமை தேடிப் பார்க்கிறேன். பரணி கேட்ட முதல் 5, அடுத்த 5 அளவையும் அன்றைக்கே எடுத்துவிடுகிறேன்.