திங்கள் காலைத் தங்க விலை: ‘கேப்’புக்கு ஒரு சொல் வேண்டும்

கொக்குவிலிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். வணிகப் பிரிவு மாணவர்களுக்கு ஒரு சிறு கைநூல் தயாரிக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். சனி, ஞாயிறில் ஏதாவது பெரிய செய்தி வந்தால் திங்கள் காலை தங்கம் பழைய விலையில் தொடங்காமல் மேலேயோ கீழேயோ போய்த் தொடங்குகிறது அல்லவா? வரைபடத்தில் வெறுமையாகத் தெரியும் அந்தக் ‘கேப்’புக்கு ‘இடைவெளி’ என்று எழுதினேன். ஒரு மாணவி வாசித்துவிட்டு, “சந்தை பூட்டியிருக்கிற நேரமா சேர்?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. வேறு சொல் உண்டா?

ரொறன்ரோவிலிருந்து:

தம்பி, அந்த மாணவி இரண்டு விஷயங்களைத் தொட்டிருக்கிறாள். நேரத்தில் இருப்பது வெறும் ஓய்வு. இலங்கை நேரப்படி, நியூயோர்க்கின் கோடைகாலக் கணக்கில், சனி அதிகாலை 2.30க்குச் சந்தை பூட்டி, திங்கள் அதிகாலை 3.30க்குத் திறக்கும். குளிர்காலத்தில் இரண்டும் ஒரு மணித்தியாலம் பிந்தும். செய்தி வராத வாரத்திலும் இந்த 49 மணித்தியாலம் உண்டு, ஆனால் விலை அநேகமாக விட்ட இடத்துக்கு அருகில்தான் தொடங்கும். நாம் பெயர் தேடுவது விலையில் விழும் வெறுமைக்கு.

2023 ஒக்டோபர் 7ஐ எடுங்கள். சந்தை பூட்டி ஆறரை மணித்தியாலத்தில் இஸ்ரேல் மீதான தாக்குதல் தொடங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை 1,830 டொலரைச் சற்றுத் தாண்டி முடிந்திருந்த அவுன்ஸ் விலை, திங்கள் முடிவில் 1,860ஐத் தொட்டிருந்தது. இரண்டு நாளாக வாங்க நினைத்தவர்கள் எல்லாரும் கதவடியில் நிற்கிறார்கள். பழைய விலைக்கு விற்க ஒருவரும் இல்லை. திறந்தவுடன் வாங்குபவரும் விற்பவரும் எந்த விலையில் சந்திக்கிறார்களோ அதுதான் முதல் விலை. வெள்ளிக்கிழமை முடிந்த விலைக்கும் அந்த முதல் விலைக்கும் நடுவில் உள்ள விலைகளில் ஒரு கொடுக்கல் வாங்கல்கூட நடக்கவில்லை.

இனி இடர்நேர்வு, அதாவது இதனால் நட்டம் வரும் ஆபத்து. விலை இறங்கும் என்று நம்பி ஒருவர் 10 அவுன்ஸை 1,835க்கு விற்றுவைத்தார், விலை ஏறினால் 1,840இல் வாங்கி மூடும்படி ஸ்டொப்-லொஸ் போட்டார் என்போம். 50 டொலருக்கு மேல் நட்டம் வராது என்பது அவர் நினைப்பு. சந்தை 1,848இல் திறந்தால், 1,840 என்ற விலையே அன்று இல்லை. ஸ்டொப்-லொஸ் விலைக்கு உத்தரவாதம் அல்ல. அந்த எல்லை தாண்டியதும் ‘கிடைத்த விலைக்கு வாங்கு’ என்ற கட்டளையாக மாறிவிடும், அவ்வளவுதான். நட்டம் 130.

நல்லூரிலிருந்து:

அருமையான விளக்கம். ஆனால் ‘இடைவெளி’ என்பது வெளியைச் சொல்கிறது, பிளவைச் சொல்லவில்லை. நம்மிடம் ‘விடர்’ இருக்கிறது. மலைப்பிளவுக்குச் சங்கப் புலவர்கள் ஆண்ட சொல். விடு, விடவு, விடர், விரிசல், விள்ளல் எல்லாம் ஒரே குடும்பம் என்பது என் துணிபு. பனங்காயை வெட்டிப் பிளந்தால் தெரிவதும் விடரே. ஆகவே ‘விலைவிடர்’. அதனால் வரும் ஆபத்து ‘விடரிடர்’. என்ன ஓசை பாருங்கள்!

சென்னையிலிருந்து:

ஐயா, விடன் என்பதன் பன்மையும் விடர்தான். தங்க வியாபாரிகளுக்குக் காமுகர் தொல்லை என்று பிள்ளைகள் எழுதி வைப்பார்கள்! ‘விலைத்தாவல்’ போதும். விலை தாவுகிறது, எல்லோருக்கும் புரியும். 2021 ஆகஸ்ட் 9 திங்களன்று தங்கம் 1,700க்குக் கீழே தாவியதே, அது நல்ல எடுத்துக்காட்டு. பரிகாரமும் எளிது. ஸ்டொப்-லொஸ்ஸோடு ஒரு லிமிட் விலையும் சேர்த்துப் போட்டால் சொன்ன விலைக்கு மேல் போகாது.

கன்னாதிட்டியிலிருந்து:

நான் நகைக்கடைக்காரன், இலக்கணம் தெரியாது. முதலில் ஒன்று: வெள்ளிக்கிழமை விலையை ‘வெள்ளி விலை’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், என் கடைப் பையன் கொலுசு விலை என்று நினைப்பான். நீங்கள் கேட்பது பலகையில் போடும் திங்கள் விலைதானே? ஒருமுறை சனி பின்னேரம் கலியாண வீட்டுக்காரர் வந்து, அன்றைய விலையையே பேசி, எட்டுப் பவுணுக்கு முற்பணம் தந்து போனார்கள். எனக்குத் தங்கம் தருபவர் ஞாயிறு தொலைபேசியே எடுக்கவில்லை. திங்கள் கூட்டிச் சொன்னார். பேசிய விலையை மாற்ற முடியுமா? கூலி முழுக்கப் போனது. இப்போது சனி மத்தியானத்துக்குப் பிறகு விலை பேசுவதில்லை, முற்பணம் மட்டும்தான்.

ரொறன்ரோவிலிருந்து:

அண்ணை, கேள்வி வேறு என்றாலும் நீங்கள் சொன்னது அதே நோய்தான். விற்றுவிட்டீர்கள், வாங்கி மூட வழி பூட்டியிருந்தது. நீங்கள் இப்போது விலை பேசாமல் விடுவதும் பெரிய வியாபாரிகள் சனிக்கு முன் கையிருப்பைக் குறைப்பதும் ஒன்றுதான்.

சென்னை நண்பருக்கு. 2021 ஆகஸ்டில் நடந்தது தாவல் இல்லை. சந்தை திறந்த பிறகு, சில நிமிடங்களில் சரிந்தது. வெள்ளிக்கிழமை வந்த அமெரிக்க வேலைவாய்ப்பு அறிக்கை ஏற்கெனவே தங்கத்தை இறக்கியிருந்தது. திங்கள் ஜப்பானும் சிங்கப்பூரும் விடுமுறை, ஆள் குறைவு. நிமிட வரைபடத்தைத் திறந்து பாருங்கள்: நடுவிலும் கொடுக்கல் வாங்கல் நடந்திருக்கும். கேப் என்றால் அங்கே எதுவும் இருக்காது.

லிமிட் யோசனை பாதிதான் சரி. 1,842க்கு மேல் வாங்காதே என்று போட்டு, சந்தை 1,848இல் திறந்தால் கட்டளை நிறைவேறாது. விலை ஏற ஏற நட்டமும் வளரும்.

பழகியவர்கள் ஸ்டொப் தூரத்தை வைத்து அளவு பார்ப்பதில்லை. 100 டொலர் வரை இழக்கலாம், ஸ்டொப் 5 டொலர் தள்ளி என்றால் 20 அவுன்ஸ் என்று கணக்கு வரும். வார இறுதிக்கு 30 டொலர் கேப் வரலாம் என்று வைத்தால் 3 அவுன்ஸ்தான். மிச்சத்தை வெள்ளிக்கிழமையே மூடிவிடுவார்கள். மூட மனமில்லாதவர், குறித்த விலைக்கு வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்ஷன் வாங்குவார். கட்டிய கட்டணத்துடன் நட்டம் ஓரளவில் நிற்கும், கேப் எவ்வளவு பெரிதானாலும். சில தரகர்கள் உத்தரவாத ஸ்டொப் தருவார்கள், அதற்கும் காசு வாங்குவார்கள்.

நல்லூரிலிருந்து:

நீங்களே சொல்லிவிட்டீர்கள்: தாவுகிறவன் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போவான், கேப் என்பது நடுவில் கிடக்கும் பள்ளம். தாவல் செயல், விடர் பொருள். காமுகரைப் பற்றிய பகிடி ஒரு வாதமே அல்ல.

கொக்குவிலிலிருந்து:

ஐயா, விடர் எனக்கும் பிடிக்கும். ஆனால் பரீட்சைத் தாளில் அது வராது. இலங்கைப் பாடநூல்களில் இடர்நேர்வு ஊறிவிட்டது, இடைவெளியும் ஏற்கெனவே பழக்கத்தில் உள்ளது. ‘விலை’யை முன்னால் சேர்த்து ‘விலை இடைவெளி’ என்றால் நேரம் என்ற குழப்பம் வராது, எனக்கும் அலுத்துவிட்டது. அதுவே அச்சுக்குப் போகிறது. ஆபத்துக்கு ‘விலை இடைவெளி இடர்நேர்வு’, கொஞ்சம் நீளம்தான். பூட்டியிருக்கும் நேரத்தை ‘சந்தை ஓய்வு’ என்று தனியாக எழுதிவிட்டேன். 2021 ஆகஸ்ட் சரிவை அடுத்த பக்கத்தில் போடுகிறேன். அதற்குத் தலைப்புத்தான் இல்லை.

சென்னையிலிருந்து:

‘வழுக்கல்’ என்று போடுங்களேன்.

ரொறன்ரோவிலிருந்து:

வேண்டாம். கேட்ட விலைக்கும் கிடைத்த விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு அந்தச் சொல் வேண்டும். 1,840 கேட்டு 1,848 கிடைத்ததே, அந்த எட்டு டொலர்தான் வழுக்கல்.

நல்லூரிலிருந்து:

வழு, வழுக்கு, வழுவு. இதைத் தனி இழையில் எழுதுகிறேன். விடர் பற்றிய என் மறுப்பையும் பதிந்து வையுங்கள்.