‘டே ஃபார் நைட்’: தமிழில் என்ன சொல்லலாம்?

கயல்விழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஒளிப்பதிவு பற்றிய நூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். இரவுக் காட்சியைப் பகலிலேயே எடுத்துத் திரையில் இரவாகக் காட்டும் முறைக்கு ஆங்கிலத்தில் ‘டே ஃபார் நைட்’ என்று பெயர். பிரெஞ்சுக்காரர்கள் இதை ‘அமெரிக்க இரவு’ என்கிறார்கள். த்ருஃபோ 1973இல் எடுத்த படத்தின் தலைப்பே அதுதான். நமக்கு அமெரிக்காவை இழுக்கத் தேவையில்லை என்று நினைத்து, முதல் வரைவில் ‘பகலிரவு’ என்று எழுதினேன். படித்துப் பார்த்த தோழி ‘பகலிரவுப் படப்பிடிப்பு’ என்பதை ஓய்வில்லாமல் இரண்டு வேளையும் நடந்த படப்பிடிப்பு என்று புரிந்துகொண்டாள். அவள்மீது குற்றமில்லை, தமிழில் அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள். பக்கத்துக்குப் பக்கம் வரும் சொல் என்பதால் சுருக்கமாக வேண்டும். உதவுங்கள்.

சாந்தி எழுதியது:

நான் சினிமாக்காரி இல்லை, புகைப்படம் எடுப்பவள். ஆனாலும் இது எனக்கு நேர்ந்திருக்கிறது. பௌர்ணமியன்று முக்காலியில் கேமராவை நிறுத்தி, ஐஎஸ்ஓ 400, துளை எஃப் 2.8, முப்பது விநாடி வைத்து ஒரு குளக்கரையை எடுத்தேன். வெறுங்கண்ணுக்குச் சாம்பலாகத் தெரிந்த இடம் படத்தில் பச்சைப் புல்லும் நீல வானமுமாக வந்தது. வானத்தில் விண்மீன்கள் மட்டும் இல்லையென்றால் காலை பத்து மணிக்கு எடுத்தது என்று யாரும் சொல்வார்கள். நிலா வெளிச்சத்தின் அழகை எடுக்கப் போனவளுக்குப் பெரிய ஏமாற்றம். ‘பகல்நிகர் இரவு’ என்று வைக்கலாமே?

கயல்விழி எழுதியது:

சாந்தி, உங்களுடையது இரவு பகலாக மாறிய கதை. நான் கேட்பது பகலை இரவாக்குவதற்கு. ஆனால் உங்கள் படத்தைப் பற்றி, படப்பிடிப்பில் வேலை செய்த இளங்கோ சாருக்குச் சொல்ல ஏதாவது இருக்கும் என்று தோன்றுகிறது.

மாணிக்கம் எழுதியது:

முப்பது ஆண்டு இயற்பியல் கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ‘நீலவிரவு’ என்று வையுங்கள். திரையில் இரவு நீலமாக வருவது வெறும் வழக்கம் அன்று. அதற்கு அறிவியல் காரணம் உண்டு. மங்கிய ஒளியில் நம் கண்ணில் நிறம் காணும் செல்களான கூம்புகள் ஓய்ந்து, மங்கிய ஒளியை உணரும் செல்களான கோல்கள் வேலை செய்யும். பகலில் கண்ணின் ஒளியுணர்திறன் 555 நானோமீட்டர் அலைநீளத்தில், மஞ்சள் கலந்த பச்சையில் உச்சம் பெறும். இருளில் அது 507க்கு, நீலம் கலந்த பச்சைக்கு நகர்கிறது. இதைக் கண்டுசொன்ன செக் நாட்டு அறிஞர் புர்க்கின்யேயின் பெயராலேயே இதை அழைக்கிறார்கள். ஆக, நிலவொளியில் உலகம் நீலமாகத் தெரிவதைத்தான் கேமரா காட்டுகிறது.

இளங்கோ எழுதியது:

மாணிக்கம் ஐயா சொன்ன எண்கள் சரி. அவற்றிலிருந்து எடுத்த முடிவில்தான் எனக்குத் தயக்கம். அந்த நகர்வு எந்த நிறம் பளிச்சென்று தெரியும், எது மங்கும் என்பதைச் சொல்கிறது. அந்தி மங்கும்போது செம்பருத்திப் பூவையும் அதன் இலையையும் பார்த்துக்கொண்டே இருங்கள். பூ முதலில் கறுத்துவிடும், இலை சற்று நேரம் வெளுப்பாகத் தாக்குப்பிடிக்கும். ஆனால் கோல்களுக்கு நிறம் பிரித்தறியத் தெரியாது. இலை வெளுப்பாகத் தெரியுமே தவிர நீலமாகத் தெரியாது.

நிலவின் ஒளியும் நீலம் இல்லை, சாந்தியின் படமே அதற்குச் சாட்சி. அது சூரிய ஒளிதான், நிலாவின் மண்ணில் பட்டுத் திரும்பி வருகிறது. வெயிலோடு ஒப்பிட்டால் துளி சிவப்புப் பக்கம் சாய்ந்தது என்றே சொல்ல வேண்டும். அளவில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு: முழுநிலவைவிட வெயில் ஏறத்தாழ நான்கு லட்சம் மடங்கு வலியது. முப்பது விநாடி காத்திருந்து அந்தக் குறையைக் கேமரா ஈடுகட்டியது, அதனால் உள்ளது உள்ளபடி பகல்போல வந்தது. தமிழும் இதைச் சரியாகவே பார்த்திருக்கிறது. வெண்ணிலா என்கிறோம், பால்நிலா என்கிறோம். நிலவொளியை நீலம் என்று எவரும் பாடிக் கேட்டதில்லை.

பின் திரையில் நீலம் எப்படி வந்தது? பேசாப்பட நாளில் பிலிம் மிக மெதுவானது, உண்மை இரவில் ஒன்றும் பதியாது. வெயிலில் எடுத்துவிட்டு, திரையிடும் படியை நீலச் சாயத்தில் தோய்த்தார்கள். நீலம் என்றால் இரவு என்று பார்வையாளர் அங்கேயே பழகிவிட்டார். வண்ணப் பிலிம் வந்தபோது இன்னொரு வசதி கிடைத்தது. விளக்கொளிக்கென 3200 கெல்வினுக்குச் செய்த பிலிமை, வழக்கமான ஆரஞ்சு வடிகட்டி இல்லாமல் வெயிலில் ஓட்டினால் காட்சி முழுக்கத் தானாகவே நீலமாகும். இன்றைய கேமராவில் வெண்சமநிலையை 3200இல் வைத்து வெயிலில் எடுப்பதும் அதே வேலைதான்.

ஆனால் ‘நீலவிரவு’ பொருந்தாது என்பதற்கு வலுவான காரணம் கறுப்பு வெள்ளைப் படங்கள். அங்கே இதே முறைக்குப் போட்டது சிவப்பு வடிகட்டி. அது வானத்தின் நீலத்தைத் தடுக்கும், வானம் கறுத்துவிடும். உடன் வரும் தொல்லை, முகம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்து உதடு மறைந்துபோகும். அதைத் தணிக்கச் சிவப்போடு பச்சை வடிகட்டியும் சேர்த்துப் போடுவார்கள். நீலமே இல்லாத இந்த வேலைக்கு நீலவிரவு என்று பெயர் வைத்தால் உங்கள் நூலிலேயே முரண்படும்.

மாணிக்கம் எழுதியது:

சிவப்பு வடிகட்டி பற்றி நான் நினைத்துப் பார்க்கவில்லை, பெயரை விட்டுவிடுகிறேன். கருத்தை விடவில்லை. நிலவொளியில் கூம்புகள் முற்றும் ஓய்வதில்லை. கோல்களின் செய்தி அவற்றின் பாதையில் கலந்து நீலச் சாயல் தருவதாகக் கருதும் ஆய்வாளர்கள் உண்டு. எனக்கு நிலா இரவு இன்றும் நீலமாகத்தான் தெரிகிறது.

தமிழ்ச்செல்வி எழுதியது:

‘போலியிரவு’ என்று யாரேனும் சொல்வதற்கு முன் அதை மறுத்துவிடுகிறேன். போலி என்றாலே ஏமாற்று என்ற நெடி அடிக்கிறது. ‘புனையிரவு’ எப்படி? புனைகதை, புனைபெயர் போல வினைத்தொகை. புனைந்த இரவு, புனைகின்ற இரவு, புனையும் இரவு என முக்காலமும் அடங்கும். ஒளிக்குறைவால் செய்வது என்றால் ‘குறையொளி இரவு’ என்றும் சொல்லிப் பார்க்கலாம்.

கயல்விழி எழுதியது:

புனையிரவு காதுக்கு இனிமை. குறையொளி பற்றி: மூல நூல் இரண்டு ஸ்டாப் குறைத்து எடுக்கச் சொல்கிறது, அதாவது கால் பங்கு வெளிச்சம். அதுதானே இதன் உயிர்?

இளங்கோ எழுதியது:

பிலிமில் அப்படித்தான் செய்தோம். டிஜிட்டலில் இருளாகவே பதிவு செய்தால் நிழல்களில் புள்ளிப்புள்ளியாக இரைச்சல் மொய்க்கும், பிறகு எதையும் மீட்க முடியாது. ‘மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்’ (2015) படத்தின் இரவுக் காட்சிகளைப் பட்டப்பகலில், தேவைக்கு மேல் ஒளி கொடுத்து எடுத்தார்கள். எடுத்தபின் செய்யும் நிறச்சீரமைப்பில்தான் வெளிச்சத்தை இறக்கினார்கள். இதற்கும் விலை உண்டு. வெள்ளைச் சட்டை, நீரில் மின்னும் வெயில் இவை வெளுத்துப் பொரிந்துவிட்டால் இருட்டாக்கினாலும் சாம்பல் திட்டாகவே நிற்கும். ஆகக் குறையொளியும் இலக்கணம் ஆகாது.

எது மாறாதது என்று கேட்டால், சூரியன் நிலாவாக நடிப்பது. எல்லாம் அதைச் சார்ந்தே நடக்கிறது. நான் உதவியாளனாக இருந்த ஒரு படத்தில், ஒரு பெண் கையில் அரிக்கேன் விளக்கோடு கிணற்றடிக்கு வரும் காட்சி. உச்சி வெயில் முகத்தில் அடிக்க எடுத்துவிட்டோம். இருட்டாக்கிப் பார்த்தபோது மழை வரப்போகும் மத்தியானம்போல இருந்தது, இரவாகத் தோன்றவே இல்லை. மறுநாள் காலை எட்டு மணிக்குச் சூரியனை அவளுக்குப் பின்னால் பக்கவாட்டில் வைத்து எடுத்தோம். தலைமுடியிலும் தோளிலும் கிணற்று விளிம்பிலும் வெள்ளிக் கோடு விழுந்தது, முகம் நிழலில் கிடந்தது. கேமராவை உயரத்தில் வைத்துக் கீழ்நோக்கித் திருப்பி வானத்தையே தவிர்த்தோம். அப்போது இரவு வந்தது. நிழலின் விளிம்பைக்கூடத் திருத்த வேண்டியிருக்கவில்லை. பூமியிலிருந்து பார்க்கச் சூரியனும் நிலாவும் ஏறத்தாழ அரைப் பாகை அகலம்தான், அதனால் இரண்டின் நிழலும் ஒரே கூர்மை.

விளக்குதான் கடைசிவரை தோற்கடித்தது. வெயில் லட்சம் லக்ஸ், அரிக்கேன் ஒரு மீட்டர் தூரத்தில் சில லக்ஸ். சுடர் தெரிகிறது, அவள் கன்னத்தில் அதன் ஒளி இல்லை. எரிகிற விளக்கு எதையும் ஒளியூட்டாவிட்டால் கண் உடனே கண்டுபிடித்துவிடும். பிறகு அந்த ஒரு ஷாட்டை மட்டும் சூரியன் மறைந்தபின் கிடைத்த இருபது நிமிடத்தில் எடுத்தோம்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், ‘வெயிலிரவு’ என்று தோன்றுகிறது. புனையிரவு என்றால் அரங்கில் கறுப்புத் திரை கட்டி விளக்கு வைத்து எடுப்பதும் அதில் அடங்கிவிடும்.

தமிழ்ச்செல்வி எழுதியது:

வெயிலிரவு! புணர்ச்சியில் சிக்கலே இல்லை, முரணே விளக்கமாக நிற்கிறது. என் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன்.

சாந்தி எழுதியது:

அப்படியானால் நான் எடுத்ததற்கு ‘நிலாப்பகல்’ என்று வைத்துக்கொள்கிறேன்.

கயல்விழி எழுதியது:

நூலின் வரிகளில் பொருத்திப் பார்த்தேன். ‘அந்தச் சண்டைக் காட்சியை வெயிலிரவாக எடுத்தார்கள்.’ ‘வெயிலிரவில் சூரியன் எப்போதும் நடிகருக்குப் பின்னால் இருக்கட்டும்.’ விளக்கம் இல்லாமலே ஓடுகிறது. ஒரே இடத்தில் இடறுகிறது. நிலவில்லாத இரவுக்கு மேகமூட்டமான பகலில் எடுக்கலாம், நிழலே விழாது என்று ஒரு பத்தி இருக்கிறது. ‘மேகமூட்டத்தில் எடுத்த வெயிலிரவு’ என்று எழுதக் கை வரவில்லை.

இளங்கோ எழுதியது:

அது நியாயமான இடறல். மூட்டத்தில் எடுத்தால் வெள்ளிக் கோடு கிடைக்காது, காட்சி தட்டையாக இருக்கும். ஆனாலும் எடுப்பதுண்டு, அடர்ந்த காட்டுக் காட்சிகளுக்கு அது ஒத்துவரும். அந்தப் பத்திக்கு மட்டும் புனையிரவு என்று போடலாமா?

மாணிக்கம் எழுதியது:

ஒரே முறைக்கு ஒரே நூலில் இரண்டு பெயர் கூடாது. மாணவன் குழம்புவான்.

கயல்விழி எழுதியது:

இப்போதைக்கு வெயிலிரவு என்றே நூல் முழுக்க மாற்றுகிறேன். அந்தப் பத்தியை மஞ்சள் குறியிட்டு வைத்திருக்கிறேன்; அச்சுக்குப் போக இன்னும் ஆறு வாரம் இருக்கிறது.