“நம்பர் 1 முறுக்கு” என்று போடலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. சுங்கை சிப்புட்டில் வீட்டிலேயே முறுக்கு சுட்டு ஆன்லைனில் விற்கிறேன். விற்பனைப் பதிவின் தலைப்பில் “மலேசியாவின் நம்பர் 1 முறுக்கு, பெஸ்ட்” என்று போட்டிருந்தேன். போன வாரம் அந்தப் பதிவை விற்பனைத் தளத்தார் நீக்கிவிட்டார்கள்.

யோசித்தால் தப்பு என்னுடையதுதான். “ருசியான முறுக்கு” என்பது என் கருத்து. “நம்பர் 1” என்றால் எதில், எந்த ஊரில், எந்த மாதத்தில் என்று கேள்வி வரும்; கையில் ஆதாரம் வேண்டும். பொய்யான வர்ணனைக்கு இங்கே 2011ஆம் ஆண்டு வணிக வர்ணனைச் சட்டமும் இருக்கிறது.

இப்போது “எங்கள் கடையில் இந்தத் தீபாவளிக்கு அதிகம் விற்றது பூண்டு முறுக்கு” என்று மாற்ற நினைக்கிறேன். ஆர்டர் கணக்கில் பூண்டு 64 பாக்கெட், சாதா 41. அந்தப் பக்கத்தைச் சேமித்து வைத்திருக்கிறேன். படத்தில் ஒட்டிய “No.1” ஸ்டிக்கரையும் எடுத்துவிட்டேன், அதையும் பார்ப்பார்களாமே.

எனக்குத் தெரிய வேண்டியது இரண்டு. இந்த வரியைத் தலைப்பில் போடலாமா, விளக்கத்தில் மட்டும்தானா? தீபாவளி முடிந்து எத்தனை நாளில் இப்படிப்பட்ட வரியை எடுக்கிறீர்கள்? அப்புறம், “இதுதான் பெஸ்ட்” என்று வாங்கியவர் எழுதிய விமர்சனத்தை அவர் சொன்னதாகவே படத்தில் போட்டு யாருக்காவது பதிவு நீக்கப்பட்டதா?