வாரம் ஒரு தடவை நெஞ்சு அடிச்சா வளராதா? 36 மணி நேரச் சண்டை

"மருந்து எடுக்காம நேச்சுரலா எடை தூக்குறவன் ஒரு தசையை வாரம் ஒரு தடவை அடிச்சா வீண். 36 மணி நேரத்துல வளர்ச்சி நின்னுடும், மீதி அஞ்சு நாள் தசை சும்மாதான் கிடக்கும். வாரம் ரெண்டு தடவைக்குக் கீழ எதுவும் பயிற்சியே இல்ல." – வேல்கம்பு

இரும்புக்கை: பதினோரு வருஷமா வாரம் ஒரு தடவைதான் நெஞ்சு அடிக்கிறேன், அதனால இதைப் படிச்சதும் எரிச்சல்தான் வந்தது. அந்த 36 எங்கிருந்து வந்ததுன்னு தெரிஞ்சுதான் எழுதுனீங்களா? 1995ல மெக்டூகல் குழு ஆறு இளைஞர்களோட பைசெப்ஸ்ல எடுத்த அளவு அது. பயிற்சி முடிஞ்சு 24 மணி நேரத்துல தசைப் புரத உற்பத்தி இரண்டு மடங்குக்கு மேல போச்சு, 36 மணி நேரத்துல கிட்டத்தட்ட பழைய நிலைக்கு இறங்குச்சு. அவங்க அளந்தது உற்பத்தி வேகம். மாசக்கணக்கா தசை எவ்வளவு தடிச்சதுன்னு அதுல இல்ல.

வேல்கம்பு: நீங்களே ஒத்துக்கிட்டீங்க, 36 மணி நேரத்துல இறங்கிடுச்சுன்னு. மருந்து எடுக்குறவனுக்கு அது பிரச்சினை இல்ல. 1996ல பாசின் குழு வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் பத்து வாரம் கொடுத்தப்ப, எடையே தூக்காதவங்களுக்கும் 3 கிலோவுக்கு மேல கொழுப்பில்லா எடை ஏறுச்சு. அவனுக்கு மருந்தே தூண்டுதல். நமக்குப் பயிற்சி ஒண்ணுதான். அதனாலதான் ரெண்டு தடவை.

இரும்புக்கை: பாசின் கணக்கு சரி. அதுல இருந்து வாரம் ஒரு தடவை வீண்னு எப்படி வந்தது? 2016ல ஷோன்ஃபெல்ட் குழு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து ஒரு தடவையை விட ரெண்டு தடவை மேல்னு சொன்னாங்க. 2019ல அவங்களே இன்னும் நிறைய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தாங்க. வார மொத்த செட் சமமா இருந்தா, எத்தனை நாளாப் பிரிச்சாலும் பெரிய வித்தியாசம் இல்லன்னு வந்தது. முதல்ல வந்ததை மட்டும் படிச்சுட்டு நிறுத்திட்டீங்க.

மழைத்துளி: அண்ணா, ரெண்டு தடவை அடிச்சா முழங்கை போயிடும். நான் திங்கள் 16 செட், வியாழன் 16 செட் நெஞ்சு அடிச்சேன். மூணாவது வாரமே டம்பெல்லைத் தூக்க முடியல. என்னைக் கேட்டா ஒரு தடவையே போதும்.

இரும்புக்கை: தம்பி, நீ ரெண்டாப் பிரிக்கல, ரெண்டு மடங்காக்கிட்ட. 16ஐ எட்டு எட்டாப் பிரிக்கணும். 32 செட் போட்டா முழங்கை வலிக்கத்தான் செய்யும்.

கரிசல்: என் நோட்டுல இருக்கறதைச் சொல்றேன். திங்கள்ல 16 செட் போட்ட காலத்துல பெஞ்ச் முடிச்சு 20 கிலோ இன்க்ளைன் டம்பெல் எடுத்தா 9, 7, 6, 5. மொத்தம் 27 ரெப். அதையே வியாழனுக்கு மாத்தி முதல்ல வச்சேன்: 12, 11, 10, 9. மொத்தம் 42. எடையும் அதே, செட்டும் அதே நாலு. செட் சமம்னு இரும்புக்கை சொல்றாரு, ஆனா களைச்சுப் போய் போடற செட்டும் புதுசா போடற செட்டும் சமமா?

வேல்கம்பு: அதைத்தான் நானும் சொன்னேன்! 36 மணி நேரம்!

கரிசல்: நான் 36 பத்திப் பேசவே இல்ல.

இரும்புக்கை: கரிசல் சொல்றதுல விஷயம் இருக்கு. ஆனா செட்டுக்கு நடுவுல எவ்வளவு ஓய்வு எடுத்தீங்க? ஒரு நிமிஷம்னா அந்த 27ல பாதிக் குற்றம் ஓய்வுமேலதான். மூணு நிமிஷம் விட்டுப் பாருங்க, ரெப் ஏறும். வாரத்துக்கு ஆறு செட் மட்டும் போடறவனுக்குப் பிரிச்சு ஒண்ணும் ஆகப்போறதில்ல. பதினாறு போடறவனுக்குப் பிரிச்சா லாபம் இருக்கலாம்.

கரிசல்: ஒன்றரை நிமிஷம். மூணு மூணு நிமிஷம் விட்டு 16 செட் போட்டா ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகுது. அவ்வளவு நேரம் எனக்கு இல்ல.

வேல்கம்பு: பதினோரு வருஷம் தூக்குறீங்களே, உங்க பெஞ்ச் எவ்வளவு? போன தடவை ஸ்குவாட் ஆழம் பத்திக் கேட்டப்பவும் இப்படித்தான் ஆய்வைக் காட்டித் தப்பிச்சீங்க.

இரும்புக்கை: 120 கிலோ, ரெண்டு ரெப். ஸ்குவாட் வீடியோவை நீங்கதான் பாதியில வெட்டிப் போட்டீங்க, அதை நான் மறக்கல. இன்னொண்ணு கேட்கறேன். திங்கள் நெஞ்சு, புதன் தோள், வெள்ளி கை அடிக்கிறவனுக்கு ட்ரைசெப்ஸ் வாரம் ஒரு தடவையா, மூணு தடவையா? பெஞ்சுலயும் தோள் பிரஸ்லயும் அது வேலை செய்யலையா?

வேல்கம்பு: பேச்சை மாத்தாதீங்க. 36 மணி நேரத்துக்கு அப்புறம் தசை என்ன செய்யுது, அதுக்குப் பதில் சொல்லுங்க.

இரும்புக்கை: ட்ரைசெப்ஸுக்கு நீங்க பதில் சொல்லுங்க, அப்புறம் சொல்றேன்.

மழைத்துளி: அப்போ நான் எட்டு செட்டா, பதினாறா?

வேல்கம்பு: 36 மணி நேரம். நான் கேட்டது அது ஒண்ணுதான்.