பொருள்: கண்ணடிக் கருவளையத்தை மட்டுப்படுத்தும் பணிக்கு ஒரு சொல்

முதல் மடல்

வணக்கம். படத்திருத்த மென்பொருள் ஒன்றின் கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். களைப்புத் தெரியும் செல்ஃபியில் கண்ணுக்குக் கீழுள்ள கருமையை இலேசாக வெளுக்கச் செய்யும் பணியைக் 'கருவளைய நீக்கம்' என்று எழுதியிருந்தேன். ஆனால் கருமை முழுவதும் போனால் முகம் தட்டையாகிவிடும் என்று அதே பக்கம் எச்சரிக்கிறது. தலைப்பு ஒன்றும் பாடம் வேறொன்றும் சொல்வது சரியில்லை. மாற்றுச் சொல் வேண்டும்.

மறுமொழி 1

இதற்குரிய கருவி டாட்ஜ். இருட்டறையில் அச்சுத்தாளின் ஒரு பகுதியில் ஒளி விழாமல் அட்டையால் மறைத்தால், அவ்விடம் படத்தில் வெளுப்பாக வரும். பெயர் அதிலிருந்து வந்தது. ஆகவே 'ஒளிமறைப்பு' பொருந்தும்.

மறுமொழி 2

பெயர் வந்த வரலாறு சரிதான். ஆனால் இருட்டறையைக் கண்டிராத பயனர், ஒளியை மறைத்தால் இருளும் என்றே எண்ணுவார். மேலும், இப்பணி டாட்ஜ் கருவியோடு முடிவதில்லை. கண்ணடியில் தோலின் நிறக் கருமையும், குழிவினால் விழும் நிழலும் கலந்திருக்கின்றன. முன்னதைக் குறைக்க வேண்டும். பின்னதுதான் முகத்துக்கு வடிவம் தருகிறது.

அண்மையில் ஒரு படத்தில், புதிய அடுக்கொன்றில் கன்னத்தின் மேற்பகுதித் தோலை மாதிரியாக எடுத்துக் கருவளையத்தை முழுவதும் மூடினேன்; இமையோரத்துச் சிறு மேட்டைத் தொடவில்லை. அந்த அடுக்கின் அடர்வு 100 விழுக்காட்டில் இருந்தபோது கண்கள் முகத்தில் ஒட்டவைத்தவை போலத் தெரிந்தன. 35 விழுக்காட்டுக்கு இறக்கியதும் குழிவு திரும்பியது. ஆயினும் நீலம் கலந்த சாம்பல் நிறம் எஞ்சியிருந்ததால், நிறத்தை மட்டும் மாற்றும் இன்னோர் அடுக்கில் கன்னத்தின் நிறத்தை 15 விழுக்காட்டளவில் பூசினேன். இந்த எண்கள் அந்தப் படத்துக்கு உரியவை. படத்தைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பார்க்கையில் கண்ணடி கன்னத்தைவிட வெளிச்சமாகத் தெரிந்தால் அளவு மீறிவிட்டது என்று கொள்ளலாம்.

ஆகவே, இருப்பதைக் குறைத்து நிறுத்துவதைச் சுட்டும் 'கருவளையத் தணிப்பு' என்பதை முன்மொழிகிறேன்.

மறுமொழி 3

எனக்குப் பிறவியிலேயே கண்ணடி குழிந்திருக்கும். நன்றாகத் தூங்கினாலும் மாறாது. கைபேசியின் அழகூட்டும் வசதி அதை அடியோடு அழித்துவிட்டதால், அந்தப் படத்தை என் தங்கையே அடையாளம் காணவில்லை. களைப்பைப் போக்குவதுதானே நோக்கம், 'களைப்பு நீக்கம்' என்றால் என்ன?

மறுமொழி 4 (முதல் மடல் எழுதியவர்)

அம்மா, உங்கள் அனுபவமே அதற்கு விடையாக அமைகிறது: உங்கள் குழிவு களைப்பினால் வந்ததன்று, நீக்கியதும் முகமே மாறிவிட்டது. கையேட்டில் 'கருவளையத் தணிப்பு' என்று திருத்திவிட்டேன். டாட்ஜ் கருவிக்கு 'வெளுப்பி' என்று எழுதிப் பார்த்தேன். துணி வெளுப்பதே நினைவுக்கு வருகிறது. வேறு சொல் கிடைக்கும்வரை ஒலிபெயர்ப்பாகவே விட்டிருக்கிறேன்.