புதுப்பிப்பு: ஹாலிடே கிளப்பிலிருந்து வெளியே வர

நான் கேட்டது: "25 வருஷ மெம்பர்ஷிப். ரூம் கிடைக்கிறதே இல்லை, மெயின்டனன்ஸ் மட்டும் வருஷாவருஷம். விலக முடியுமா?"

"தவணையை நிறுத்துங்க, தானா ரத்தாகும்" என்ற பதில் பாதிதான் சரி. பேங்க் ஸ்டேட்மென்டில் பணத்தை எடுப்பது கிளப்பா, கடன் கொடுத்த நிறுவனமா என்று பாருங்கள். கடன் என்றால் கிளப்பை விட்டாலும் அது அப்படியே இருக்கும், தவணையை நிறுத்தினால் சிபில் ஸ்கோர் அடிவாங்கும்.

வக்கீல் அண்ணா சொன்ன வழி: ரூம் மறுத்த ஒவ்வொரு மெயிலையும் சேர்த்து, பதிவுத் தபாலில் விலகல் கடிதம். பிறகு சொந்த மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை 5 லட்சம் வரை மனுக் கட்டணம் கிடையாது. கெடு 2 வருஷம். அது கையெழுத்திட்ட நாளிலிருந்தா, மறுத்த நாளிலிருந்தா என்பதில் அவருக்கும் இன்னொருவருக்கும் இன்னும் சண்டை.

டூர் பேக்கேஜ் ரீஃபண்ட் கேட்டவருக்கு: அது வேறு விஷயம், இங்கே சொன்னது கிளப் மெம்பர்ஷிப்புக்கு மட்டும். "உங்க மெம்பர்ஷிப்பை விற்றுத் தருகிறேன், முன்பணம் போடுங்க" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள்.