கடைசிக் கிக்கில் போன நாலாயிரம்: ஹண்டிகப் அனுபவங்கள்

பொத்துவில்காரன்
அறுகம்பேயில் ஒரு கெஸ்ட்ஹவுஸில் வேலை செய்கிறேன். சீசனில் வரும் வெள்ளைக்காரர்களோடு உட்கார்ந்து பார்த்துத்தான் ரக்பி பிடிபட்டது. ஒரு நாள் பிரெஞ்சு லீக் ஆட்டம். அங்கே தங்கியிருந்த பிரெஞ்சுக்காரன் ஒருவனும் நானும் எங்களுக்குள் நாலாயிரம் ரூபா கட்டினோம். நான் சொந்த மைதானத்தில் ஆடிய அணி, ஹண்டிகப் மைனஸ் 6.5. அதாவது அதன் புள்ளியில் 6.5ஐக் கழித்துத்தான் கணக்கு, குறைந்தது ஏழு புள்ளியால் வென்றால் போதும்.

80 நிமிடம் முடியும்போது 26-14. பந்து இன்னும் சாகவில்லை. எதிரணி மூலையில் ஒரு ட்ரை போட்டது. 26-19. வித்தியாசம் ஏழு, நான் இன்னும் வெல்கிறேன். தோற்கிறவனுக்கு ஏழுக்குள் தோற்றால் பட்டியலில் ஒரு போனஸ் புள்ளி உண்டு என்று கேட்டிருக்கிறேன். அது கிடைத்தாயிற்று, ட்ரைக்குப் பிறகு வரும் கன்வேர்ஷனை இனி இவன் ஏன் சிரமப்பட்டு உதைக்கப் போகிறான் என்று நிம்மதியாகத் தேநீரை எடுத்தேன். கிக் அடிக்கிறவனோ ஓரக்கோட்டுப் பக்கம் நின்று மூச்சைப் பிடித்து உதைத்தான். உள்ளே போனது. 26-21. பிரெஞ்சுக்காரன் என்னைப் பார்த்துச் சிரித்தான். அவனுக்கு ஏதோ முன்பே தெரியும் போல இருந்தது.

கல்லடிப்பாலம்
தம்பி, ஏழுதான் சாவி. ட்ரை அஞ்சு, கன்வேர்ஷன் ரெண்டு. நான் எப்பவும் 6.5ஐத் தொடமாட்டேன், ஒரு புள்ளி இறங்கி 5.5 எடுப்பேன்.

பழைய கவுண்டர்
லண்டனில் பந்தயக் கடைக் கவுண்டரில் ஆறு வருஷம் நின்றவன் நான். கல்லடி அண்ணன் சொன்னதில் பாதி சரி. ஆனால் 6.5இலிருந்து 5.5க்கு இறங்கினால் உங்களுக்குக் கூடுதலாகக் கிடைப்பது வித்தியாசம் ஆறு மட்டும்தான், அதாவது ரெண்டு பெனால்டி. தம்பியின் ஆட்டம் அஞ்சில் முடிந்தது, 5.5உம் தோற்றிருக்கும். 7.5இலிருந்து 6.5க்கு இறங்குவதில்தான் ஏழு கிடைக்கும், 3.5இலிருந்து 2.5க்கு இறங்கினால் மூன்று கிடைக்கும். ஒரு புள்ளி இறங்குவதற்குக் கடைக்காரன் வென்றால் தரும் காசைக் குறைப்பான், எந்த எண்ணைத் தாண்டுவதற்காகக் குறைக்கிறான் என்று பார்க்க வேண்டும். முழு 7 என்றால் ஏழில் முடியும்போது கட்டிய காசு திரும்பும்.

தம்பிக்கு நடந்தது வேறு. ஏழுக்குள் போனஸ் என்பது சிக்ஸ் நேஷன்ஸிலும் உலகக் கிண்ணத்திலும். பிரான்ஸின் டாப் 14இல் அஞ்சு அல்லது அதற்குக் குறைவாகத் தோற்றால்தான் போனஸ். ஏழில் நின்றவனுக்கு அந்தக் கிக்தான் ஒரு புள்ளி! நேரம் முடிந்த பிறகும் கன்வேர்ஷன் எடுக்கலாம். இதே ஆட்டம் சிக்ஸ் நேஷன்ஸில் என்றால் அந்தக் கிக்குக்குப் பெரிய பெறுமதி இல்லை, அவன் உதைக்காமலே விட்டிருக்கக்கூடும்.

மட்டுநகர் மணி
ஹண்டிகப் என்றால் குதிரைக்கு எடை ஏற்றுவதுதானே? இங்கே குதிரைப் பந்தயக் கடையில் அப்படித்தான் கேள்விப்பட்டேன். நல்ல குதிரைக்குக் கூட எடை. ரக்பியில் ஆளுக்கு எப்படி எடை ஏற்றுவது?

பொத்துவில்காரன்
அதே யோசனைதான் மணி அண்ணன், எடைக்குப் பதிலாகப் புள்ளி. கவுண்டர் அண்ணன், ஒன்று சொல்ல மறந்தேன். 74ஆம் நிமிடம் 26-14 என்று இருக்கும்போது என்னுடைய அணிக்குக் கம்பத்துக்கு நேரே பெனால்டி. மூன்றை எடுக்காமல் மூலைக்கு உதைத்தார்கள்.

பழைய கவுண்டர்
அங்கேதான் காசு போனது. மூன்றை எடுத்திருந்தால் 29-14. கடைசியில் 29-21, வித்தியாசம் எட்டு, நீங்கள் வென்றிருப்பீர்கள். 12 பின்னால் நிற்கிறவனுக்கு ரெண்டு ட்ரையும் கன்வேர்ஷனும் போதும், 15 என்றால் மூன்று தரம் புள்ளி எடுக்க வேண்டும். நானென்றால் உதைத்திருப்பேன்.

கல்லடிப்பாலம்
நான் மாட்டேன். மூலையில் பந்தைக் கூட்டமாய்ப் பிடித்துத் தள்ளிக்கொண்டே நாலு நிமிடத்தைத் தின்றுவிடலாமே.

பழைய கவுண்டர்
பந்து கையைவிட்டுப் போகாதவரைக்கும் சரி. அவர்களுக்குப் போனதே?

நிந்தவூர் நானா
என்னுடைய கதை 2023 உலகக் கிண்ண அரையிறுதி. நம்ம நேரம் இரவு பன்னிரண்டரைக்குத் தொடக்கம். தென்னாபிரிக்காவுக்கு மைனஸ் 2.5 என்று கூட்டாளியோடு கட்டினேன். பெனால்டியும் டிராப் கோலுமாக இங்கிலாந்து 15-6. மழை வேறு. 69ஆம் நிமிடம் ஸ்னைமன் ட்ரை, பொலார்ட் கன்வேர்ஷன், 15-13. கடைசியில் பொலார்ட் தூரத்திலிருந்து ஒரு பெனால்டி. 16-15. என் அணி வென்றது, என் காசு போனது. விடிய எழும்ப வேண்டிய மகன், 'வாப்பா ஏன் வென்றதுக்குக் கவலைப்படுறீங்க?' என்று கேட்டான். அதோடு நிறுத்திவிட்டேன், இப்போது பார்ப்பது மட்டும்தான்.

பழைய கவுண்டர்
மழையில் அப்படித்தான் நானா, ட்ரை குறைந்து எல்லாம் மூன்று மூன்றாக நகரும், வித்தியாசம் சுருங்கும். அந்த உலகக் கிண்ணத்தில் இறுதியும் 12-11, ஒரு புள்ளி. மறுபக்கம் 30 புள்ளி வித்தியாசம் எதிர்பார்க்கிற ஆட்டத்தில் மூன்று, ஏழு என்று கணக்குப் பார்த்துப் பயனில்லை, ட்ரை மழையில் எந்த எண்ணிலும் முடியலாம்.

மட்டுநகர் மணி
பெனால்டி ட்ரைக்கும் கன்வேர்ஷன் உண்டா?

பழைய கவுண்டர்
இல்லை. நேராக ஏழு, உதைப்பதில்லை. பொத்துவில் தம்பியின் எதிரணிக்குக் கடைசியில் அது கிடைத்திருந்தால் தேநீரை எடுக்க நேரமே இருந்திருக்காது.

பொத்துவில்காரன்
அந்தத் தேநீரும் ஆறித்தான் போனது அண்ணன்.